நார்மல் மேப்பில் வெளிச்சம் தலைகீழாக விழுவது ஏன்?

கணினி விளையாட்டில் வரும் ஓர் இரும்புத் தலைக்கவசத்தில் ஆணித்தலைகளும் கீறல்களும் அடிபட்ட பள்ளங்களும் தெளிவாகத் தெரியும். ஆனால் அந்தக் கவசத்தின் வடிவத்தைத் தாங்கும் முக்கோண வலையில் அவற்றில் பெரும்பாலானவை கிடையாது. வலை வழுவழுப்பாகவே இருக்கும். ஆணித்தலை புடைத்து நிற்பதுபோலக் காட்டுவது அதன்மேல் ஒட்டப்பட்ட ஒரு படம். நீலமும் ஊதாவும் கலந்த அந்தப் படத்துக்கு நார்மல் மேப் என்று பெயர். பல லட்சம் முக்கோணங்கள் கொண்ட நுணுக்கமான மாதிரி ஒன்றை முதலில் செய்வார்கள். அதன் மேற்பரப்பு ஒவ்வொரு இடத்திலும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைப் பதிவு செய்து, சில ஆயிரம் முக்கோணங்களே உள்ள எளிய மாதிரியின் படத்தில் எழுதுவார்கள். இந்த வேலைக்கு பேக்கிங் என்று பெயர்.

படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களும் ஒரு திசையைக் குறிக்கின்றன. 0 முதல் 255 வரையுள்ள எண்ணை −1 முதல் +1 வரையுள்ள அளவாக மாற்றிப் படிக்க வேண்டும். 128 என்றால் ஏறத்தாழ சுழியம். ஆகவே (128, 128, 255) என்ற வெளிர்நீலம் ‘பக்கவாட்டில் எந்தச் சாய்வும் இல்லை, நேராக வெளியே பார்க்கிறது’ என்று சொல்கிறது. நார்மல் மேப்பின் பெரும்பகுதி நீலமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். (128, 217, 217) என்ற புள்ளி, பச்சையின் பக்கமாக 45 பாகை சாய்ந்த பரப்பைக் குறிக்கிறது.

பச்சையின் பக்கம் என்பது எந்தப் பக்கம்? சிக்கல் முழுவதும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. வழி கேட்பவரிடம் ‘வலது பக்கம் திரும்புங்கள்’ என்று சொன்னால், அவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்பதைப் பொறுத்தே அந்தச் சொல்லுக்குப் பொருள் வரும். நார்மல் மேப்பின் எண்களும் அப்படித்தான். அவை உலகத்தின் மேல், கீழ், வடக்கு, தெற்கைச் சொல்வதில்லை. மாதிரியின் மேற்பரப்பில் அந்தந்த இடத்தில் நிற்கும் மூன்று அச்சுகளை வைத்தே திசையைச் சொல்கின்றன. முதல் அச்சு, பரப்பிலிருந்து நேராக வெளியே நீட்டும் நார்மல். இரண்டாவது, ஒட்டிய படத்தின் வலப்பக்கம் மேற்பரப்பில் எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில் படுத்திருக்கும் டேஞ்சென்ட். மூன்றாவது, படத்தின் மேற்பக்கம் ஓடும் திசையில் இருக்கும் பைடேஞ்சென்ட். இந்த மூன்றும் சேர்ந்த சட்டகமே டேஞ்சென்ட் பேஸிஸ்.

பேக் செய்யும் மென்பொருள் இந்தச் சட்டகத்தை வைத்துத் திசையை எண்ணாக மாற்றுகிறது. விளையாட்டு எஞ்சின் தன்னிடமுள்ள சட்டகத்தை வைத்து அந்த எண்ணைத் திரும்பத் திசையாக மாற்றுகிறது. இரண்டு சட்டகமும் ஒன்றாக இருந்தால் நுணுக்கமான மாதிரியின் வெளிச்சம் அப்படியே கிடைக்கும். சற்றே மாறினாலும் படத்தில் எந்தப் பிழையும் இல்லாமலேயே திரையில் பிழை தெரியும். படத்தை வண்ணக் கருவிகளால் திருத்திக் குறையை மறைக்கப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் நேரத்தை வீணாக்குகிறார்கள். குறை இருப்பது படத்தில் அல்ல, அதைப் படிக்கும் முறையில்.

எஞ்சின் இந்த வேலையைச் செய்யும் இடம் சில வரிகள்தான். படத்திலிருந்து எடுத்து −1 முதல் +1 வரை மாற்றிய அளவு `m` என்று கொண்டால்:

```
float3 B = cross(N, T.xyz) * T.w;
float3 n = normalize(m.x*T.xyz + m.y*B + m.z*N);
```

மூன்றாவது அச்சு கோப்பில் தனியாகச் சேமிக்கப்படுவதில்லை என்பது முதல் வரியிலிருந்து தெரிகிறது. மற்ற இரண்டு அச்சுகளையும் குறுக்குப்பெருக்கல் செய்து அது கிடைக்கிறது. அதோடு `T.w` என்ற +1 அல்லது −1 பெருக்கப்படுகிறது. கண்ணாடிப் பிம்பமாக வரும் குறைகளில் பெரும்பகுதி இந்த ஒற்றைக் குறியீட்டில் பிறப்பவை.

தலைக்கவசத்தின் இடப்பாதியும் வலப்பாதியும் ஒன்றுபோல இருப்பதால், படத்தில் இடம் மிச்சமாகட்டும் என்று இரண்டு பாதிக்கும் ஒரே பகுதியைப் பயன்படுத்துவது வழக்கம். இடப்பாதியில் படம் நேராக ஒட்டப்படும். வலப்பாதியில் அதே படம் இடவலம் மாறி ஒட்டப்படும். அப்படியானால் வலப்பாதியில் டேஞ்சென்ட் எதிர்த்திசையில் திரும்பிவிடுகிறது, ஆனால் படத்தின் மேற்பக்கம் இன்னும் மேலேதான் இருக்கிறது. திரும்பிய டேஞ்சென்ட்டையும் நார்மலையும் குறுக்கே பெருக்கினால் வரும் அச்சு கீழே பார்க்கும். அதை மீண்டும் மேலே திருப்புவதற்காகவே அந்தப் பாதியின் முனைகளில் `w` −1 ஆக இருக்க வேண்டும். ஏற்றுமதியில் இந்தக் குறி தொலைந்தாலோ, எஞ்சினில் யாரோ எழுதிய ஷேடர் அதைப் பெருக்காமல் விட்டாலோ, அந்தப் பாதியில் மட்டும் பச்சைச் சாய்வுகள் தலைகீழாகும்.

எவ்வளவு பெரிய வேறுபாடு இது என்பதை ஓர் ஆணித்தலையின் மேல்சரிவில் பார்க்கலாம். அங்கே படத்தில் (128, 217, 217) இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது திசை ஏறத்தாழ (0, 0.7, 0.7). முன்னாலும் மேலேயும் இருந்து 45 பாகையில் வெளிச்சம் வருகிறது, அதன் திசையும் (0, 0.7, 0.7). இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் 0.49 + 0.49, ஏறத்தாழ 1. சரிவு முழு வெளிச்சத்தில் இருக்கிறது. பச்சை தலைகீழானால் 217 என்பது 38 ஆகிறது, திசை (0, −0.7, 0.7). இப்போது −0.49 + 0.49, அதாவது 0. முழு வெளிச்சத்தில் இருக்க வேண்டிய சரிவு இருண்டுவிடுகிறது. ஆணித்தலையின் கீழ்ச்சரிவு அதற்கு எதிராக ஒளிர்கிறது. மேலிருந்து வெளிச்சம் வரும்போது கீழ்ச்சரிவு ஒளிரும் வட்டத்தைக் கண் பள்ளமாகவே படிக்கும். இடப்பாதியில் ஆணிகள் புடைத்தும் வலப்பாதியில் குழிந்தும் தெரிவது இப்படித்தான்.

கவசம் முழுவதும், இரண்டு பாதியிலும் ஒரே மாதிரி, புடைப்பு பள்ளமாகத் தெரிந்தால் காரணம் வேறு. அது பச்சைச் சேனலின் வழக்கு வேறுபாடு. ஓபன்ஜிஎல் மரபில் படத்தின் செங்குத்து அளவு கீழிருந்து மேலே எண்ணப்படுகிறது, டைரக்ட்எக்ஸ் மரபில் மேலிருந்து கீழே. ஆகவே ஒரு மரபில் பச்சை மிகுந்தால் பரப்பு மேலே சாய்கிறது, மற்றதில் கீழே சாய்கிறது. பிளெண்டர், யூனிட்டி, கோடோ, ஜிஎல்டிஎஃப் கோப்பு வடிவம் ஆகியவை முதல் மரபைப் பின்பற்றுகின்றன. அன்ரியல் எஞ்சின் இரண்டாவதைப் பின்பற்றுகிறது. பச்சைச் சேனலை ஒரே ஒரு முறை புரட்டினால் இந்தக் குறை தீர்ந்துவிடும். பேக் செய்யும்போது ஒரு தடவையும் எஞ்சினில் இன்னொரு தடவையும் புரட்டினால் பழைய குறையே திரும்ப வரும். குழுவாக வேலை செய்யும் இடங்களில் இது அடிக்கடி நடக்கிறது. ஆகவே எந்த இடத்தில் புரட்டுவது என்பதை முன்னரே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது வகைக் குறைதான் கண்டுபிடிக்கக் கடினமானது. அதில் எதுவும் தலைகீழாக இருக்காது. ஆணி ஆணியாகவே தெரியும். ஆனால் தட்டையாக இருக்க வேண்டிய பரப்பில் மெல்லிய நிழல் படரும், முக்கோணங்களின் மூலைவிட்டம் கோடாகத் தெரியும், படத்தின் வெட்டு ஓரங்களில் தையல்போல ஒரு கோடு ஓடும். மங்கிய பரப்பில் கண்ணுக்குத் தப்பிவிடும் இந்த நிழல், பளபளக்கும் உலோகத்தில் பிரதிபலிப்பு வளைந்து நெளிவதால் அப்பட்டமாகத் தெரியும்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு கனசதுரம் போதும். ஆறு முகங்களும் எட்டு முனைகளும் கொண்ட கனசதுரத்துக்கு விளிம்புகள் எல்லாம் மென்மையானவை என்று அமைத்தால், ஒவ்வொரு முனையிலும் மூன்று முகங்களின் நார்மல்களைக் கலந்து ஒரே நார்மல் வைக்கப்படும். அது எந்த முகத்துக்கும் நேராக இருக்காது, ஒவ்வொன்றிலிருந்தும் ஏறத்தாழ 54.7 பாகை விலகி மூலைவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். நார்மல் மேப் இல்லாமல் பார்த்தால் கனசதுரம் காற்றடைத்த மெத்தைபோல உப்பித் தெரியும். இப்போது நேர்த்தியான விளிம்புகள் கொண்ட நுணுக்கமான கனசதுரத்திலிருந்து இதற்கு பேக் செய்தால், படத்தில் வெறும் நீலம் வராது. மூலைகளை நோக்கி இளஞ்சிவப்பும் பச்சையுமாக நிறம் மாறிக்கொண்டே போகும். முனை நார்மல்கள் செய்த சாய்வை ஈடுகட்ட அதற்கு எதிர்ச் சாய்வைப் பேக்கிங் எழுதியிருக்கிறது. எஞ்சின் அதே முனை நார்மல்களையும் அதே டேஞ்சென்ட்டுகளையும் பயன்படுத்தினால் சாய்வும் எதிர்ச் சாய்வும் ஒன்றை ஒன்று அடித்து, முகம் தட்டையாகிவிடும். அச்சுகள் ஓரிரு பாகை மாறினாலும் அடிபடாத மிச்சம் நிழலாக நிற்கும்.

அச்சுகள் மாறுவதற்கான வழிகள் ஏராளம். ஒரு முனையைப் பல முக்கோணங்கள் பகிர்ந்துகொள்ளும்போது அவற்றின் டேஞ்சென்ட்டுகளைச் சராசரி செய்ய வேண்டும். அந்தச் சராசரியில் முக்கோணத்தின் பரப்புக்கு எடை தருவதா, முனையின் கோணத்துக்கு எடை தருவதா? எந்த இடத்தில் முனையைப் பிரிப்பது? பைடேஞ்சென்ட்டை முனையில் கணக்கிட்டு இடையே பரப்புவதா, திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் புதிதாகக் கணக்கிடுவதா? ஒவ்வொரு மென்பொருளும் தனக்குத் தோன்றிய விடையைத் தேர்ந்தது. எந்த விடையும் தவறல்ல. இரண்டு மென்பொருள்கள் வெவ்வேறு விடைகளைத் தேர்ந்தன என்பதே தவறாக முடிந்தது.

இதற்குப் பொதுவான ஒரு விடையைத் தந்தவர் மார்ட்டன் மிக்கெல்சன். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் 2008இல் அவர் எழுதிய முதுகலை ஆய்வேட்டிலிருந்து பிறந்த முறை, அவர் பெயரை ஒட்டி மிக்டிஸ்பேஸ் என்று அழைக்கப்படுகிறது. ஒரே வலை, ஒரே நார்மல், ஒரே படப்பொருத்தம் கொடுத்தால், முக்கோணங்கள் கோப்பில் எந்த வரிசையில் இருந்தாலும் அது ஒரே டேஞ்சென்ட்டைத் தரும். இடவலம் மாறிய பகுதியையும் மாறாத பகுதியையும் ஒருபோதும் கலந்து சராசரி செய்யாது. இது முக்கியம், ஏனென்றால் கவசத்தின் நடுக்கோட்டில் இரு பக்க டேஞ்சென்ட்டுகளும் எதிரெதிர்த் திசையில் இருக்கின்றன. அவற்றைச் சராசரி செய்தால் சுழியமே மிஞ்சும், அந்தக் கோடு முழுவதும் கறுத்துக் கலங்கும். மிக்கெல்சன் தம் நிரலை எல்லோரும் அப்படியே எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டார். இன்று பிளெண்டர் இதன்படியே பேக் செய்கிறது. யூனிட்டியும் அன்ரியலும் இதைக் கணக்கிடும். கோப்பில் டேஞ்சென்ட் இல்லாவிட்டால் மிக்டிஸ்பேஸ்படியே கணக்கிட வேண்டும் என்று ஜிஎல்டிஎஃப் விதியே கூறுகிறது.

ஆனால் இருபுறமும் மிக்டிஸ்பேஸ் என்றாலே சட்டகம் பொருந்திவிடும் என்று நினைப்பது பெரும் ஏமாற்றத்தில் முடியும். அந்தக் கணக்கு மாறாமல் வர, உள்ளே போகும் மூன்றும் மாறாமல் இருக்க வேண்டும்: முனை நார்மல்கள், படப்பொருத்தம், முக்கோணமாக வெட்டிய விதம். மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் மறக்கிறார்கள். நான்கு பக்கமுள்ள ஒரு முகத்தை இரண்டு மூலைவிட்டங்களில் எதன்வழியாகவும் வெட்டலாம். பேக் செய்யும்போது மென்பொருள் ஒரு மூலைவிட்டத்தையும், இறக்குமதியின்போது எஞ்சின் மற்றதையும் தேர்ந்தால், அந்த முகத்தில் மெல்லிய குறுக்குக் கோடு தெரியும்.

தலைக்கவசத்தைப் பிளெண்டரிலிருந்து அன்ரியலுக்குக் கொண்டுபோகும் வழியை இப்போது வரிசையாகப் பார்க்கலாம். முதலில் எளிய மாதிரியில் Mirror மாடிஃபையரை உறுதிப்படுத்தி, `Ctrl+A` அழுத்தி Scale என்பதைத் தேர்ந்து எதிர்மறை அளவுகள் எதுவும் மிஞ்சாமல் செய்ய வேண்டும். பிறகு `Ctrl+T` அழுத்தி வலை முழுவதையும் முக்கோணமாக்க வேண்டும். பேக்கிங்குக்கும் ஏற்றுமதிக்கும் இந்த முக்கோண வலையையே பயன்படுத்தினால் மூலைவிட்டத் தகராறு எழாது. அடுத்து, வலப்பாதியின் படப்பொருத்தத்தை மட்டும் தேர்ந்து, யூவி திரையில் கிடைமட்டமாகச் சரியாக 1 அலகு தள்ள வேண்டும். படம் திரும்பத் திரும்ப ஒட்டப்படுவதால் தோற்றத்தில் எந்த மாற்றமும் வராது. ஆனால் பேக் செய்யும்போது அந்தப் பாதி சட்டத்துக்கு வெளியே இருப்பதால் இடப்பாதி மட்டும் எழுதப்படும். தள்ளாமல் விட்டால் இரண்டு பாதிகளும் ஒரே புள்ளிகளில் ஒன்றன்மேல் ஒன்று எழுதும். படத்தில் திட்டுத்திட்டாக நிறம் கலங்கியிருந்தால் அதுவே அடையாளம்.

விளிம்புகளிலும் ஒரு விதி உண்டு. கூர்மையான விளிம்பு என்று குறித்த இடமெல்லாம் படப்பொருத்தத்திலும் வெட்டப்பட்டு, இடையே சில புள்ளி இடைவெளியுடன் பிரிந்திருக்க வேண்டும். கூர்விளிம்பில் இருபுறமும் நார்மல் சட்டென்று மாறுகிறது. அதற்கேற்ப நிறமும் சட்டென்று மாற வேண்டும். ஒட்டிய படத்தில் இரண்டு நிறங்களும் ஒரே புள்ளிக்குப் போட்டியிட்டால் விளிம்பில் கோடு விழும்.

பேக் செய்யும் பலகத்தில் Swizzle என்ற இடத்தில் +X, +Y, +Z என்றிருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டு அன்ரியலில் பச்சையைப் புரட்டலாம், அல்லது இங்கேயே −Y என்று மாற்றலாம். எஃப்பிஎக்ஸ் ஏற்றுமதியில் Geometry பகுதியில் உள்ள Tangent Space பெட்டியைக் குறித்தால் பிளெண்டர் கணக்கிட்ட அச்சுகளும் கோப்போடு போகும்.

அன்ரியலில் இறக்கும்போது நார்மல்களைக் கோப்பிலிருந்தே எடுக்கச் சொல்ல வேண்டும். Normal Import Method என்ற இடத்தில் Compute Normals இருந்தால், எஞ்சின் கூர்விளிம்புகளைத் தன் போக்கில் ஊகித்துப் புது நார்மல் வைக்கும். அதன்பிறகு மிக்டிஸ்பேஸ் சரியாகவே கணக்கிட்டாலும் விடை வேறாகத்தான் வரும். Import Normals and Tangents வைத்தால் கோப்பிலுள்ள இரண்டும் அப்படியே வரும். ஏற்கெனவே இறக்கிய மாதிரியைத் திறந்து Build Settings பகுதியில் Recompute Normals குறிக்கப்படாமலும், டேஞ்சென்ட்டைப் புதிதாகக் கணக்கிடுவதாக இருந்தால் Use MikkTSpace Tangent Space குறிக்கப்பட்டும் இருக்கிறதா என்று சரிபார்க்கலாம். படத்துக்கு அமுக்க வகையை Normalmap என்று வைத்து, sRGB நீக்கப்பட்டிருப்பதை உறுதிசெய்துவிட்டு, +Yஇல் பேக் செய்திருந்தால் Flip Green Channel குறிக்க வேண்டும்.

யூனிட்டியில் வேலை இன்னும் குறைவு. Normals என்பதை Import என்றும் Tangents என்பதை Calculate Mikktspace என்றும் வைத்து, படத்தின் Texture Type என்பதை Normal map ஆக்கினால் போதும். பச்சையைத் தொடக்கூடாது.

sRGB விடுபடுவது ஒரு சிறு கவனக்குறைவு, ஆனால் விளைவு பெரிது. புகைப்படத்துக்கான வளைகோட்டின் வழியே 128 என்ற எண் படிக்கப்பட்டால் பாதியாக வராமல் 0.216 ஆகவே வரும். அதைத் திசையாக மாற்றினால் 0க்குப் பதில் −0.57. தட்டையான பரப்பு முழுவதும் ஒரு மூலையை நோக்கிச் சாய்ந்ததுபோல வெளிச்சம் விழும், படத்தின் வெட்டு ஓரங்கள் எல்லாம் வெளுத்துத் தெரியும். சட்டகத்தின் மேல் பழி போடுவதற்கு முன்பு பார்க்க வேண்டியது இதையே.

குறை எந்த வகை என்று பிரித்தறிய ஒரு நேரடியான சோதனை இருக்கிறது. முதலில் நார்மல் மேப்பின் இடத்தில் (128, 128, 255) நிறம் மட்டும் நிரம்பிய படத்தை வைக்க வேண்டும். மேப் இல்லாத மாதிரியும் இந்தப் படம் வைத்த மாதிரியும் ஒன்றுபோலத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கோளாறு படத்தைப் படிக்கும் அமைப்பில் இருக்கிறது. இரண்டும் ஒன்றுபோலவே இருந்தால், உண்மையான படத்தை வைத்து ஒரே ஒரு விளக்கை மாதிரியைச் சுற்றி நகர்த்த வேண்டும். மேலும் கீழுமாக நகர்த்தும்போது மட்டும் வெளிச்சம் எதிர்ப்புறம் விழுந்தால் பச்சை அச்சு தலைகீழ். எல்லா இடத்திலும் அப்படியென்றால் மரபு வேறுபாடு, ஒரு பாதியில் மட்டும் என்றால் தொலைந்துபோன `w`. இடவலமாக நகர்த்தும்போது ஒரு பாதியில் எதிர்ப்புறம் ஒளிர்ந்தால் அங்கே டேஞ்சென்ட் திரும்பவே இல்லை. எதுவும் தலைகீழாக இல்லாமல் நிழல் மட்டும் படர்ந்தால் நார்மலையும் முக்கோணத்தையும் டேஞ்சென்ட் கணக்கையும் அந்த வரிசையில் சரிபார்க்க வேண்டும்.

எல்லாம் பொருந்திய பிறகும் மிச்சம் இருக்கும் ஒரு வேறுபாடு, பைடேஞ்சென்ட் எங்கே கணக்கிடப்படுகிறது என்பது. மிக்டிஸ்பேஸ் அதை ஒவ்வொரு திரைப்புள்ளியிலும் கணக்கிடச் சொல்கிறது. யூனிட்டியின் பழைய Standard ஷேடர் மூன்று அச்சுகளையும் முனையிலேயே கணக்கிட்டுப் பரப்புகிறது. சப்ஸ்டன்ஸ் பெயின்டரில் பேக் செய்பவர்களுக்கு Compute tangent space per fragment என்ற தேர்வு இதற்காகவே இருக்கிறது. அன்ரியலுக்கு அதை இயக்கியும் அந்தப் பழைய ஷேடருக்கு நிறுத்தியும் பேக் செய்ய வேண்டும்.

சட்டகம் எவ்வளவு துல்லியமாகப் பொருந்தினாலும் முனை நார்மல்களைப் பெரிய அளவில் ஈடுகட்டும் பாரத்தை நார்மல் மேப்பின் மேல் ஏற்றுவது நல்லதல்ல. அந்த மென்மையான கனசதுரத்தின் படத்தில் நிறம் மெல்ல மெல்ல மாறுகிறது, ஒரு சேனலுக்கு 256 படிகளே உண்டு. அமுக்கும்போது அதுவும் தேயும். பளபளக்கும் பரப்பில் இது படிக்கட்டுப் பட்டைகளாகத் தெரியும். அன்ரியலில் Use High Precision Tangent Basis குறித்தால் முனைகளின் அச்சுகள் கூடுதல் துல்லியத்தில் சேமிக்கப்படும், படத்தின் படிகள் கூடாது. தொலைவில் காட்டுவதற்காக முக்கோணங்களைக் குறைத்த மாதிரியில் முனை நார்மல்களே மாறிவிடுவதால், முதல் மாதிரிக்கு எழுதிய ஈடு அதற்குப் பொருந்தாது. 90 பாகையில் மடியும் விளிம்புகளைக் கூர்மையாக்கி, படப்பொருத்தத்தில் வெட்டிப் பிரித்தோ, விளிம்பைச் சற்றுச் சீவி முக நார்மல்களுக்கு எடை கொடுத்தோ மாதிரியைச் செய்தால், படத்தில் ஆணியும் கீறலும் போக மற்ற இடமெல்லாம் வெறும் நீலமாக இருக்கும். அந்தப் பகுதிகளில் ஈடுகட்ட எதுவும் இல்லாததால், தொலைவு மாதிரியிலும் அவை தட்டையாகவே நிற்கும்.